அட்டையில் இருந்த ‘ஏ.எம்.’: ஏழாவது வாரத்தில் வந்த ஒரு பிரஷர் நோயாளி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒருவரின் கதை அல்ல. ஏறக்குறைய ஒரே சிக்கலோடு வெவ்வேறு ஆண்டுகளில் வந்த மூன்று பெண்களை ஒருவராக்கி, அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்பதால் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

டீச்சருக்கு வயது 34. கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஆறு வருடம் கழித்து முதன்முறையாகக் கரு நின்றிருக்கிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் 6 வாரம் 5 நாள். கணவரும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் மகிழ்ச்சியைக் காணோம். காரணம், இரண்டு நாள் முன்பு இன்னோர் இடத்தில் காட்டியபோது, “இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க, குழந்தை ஊனமாப் பொறக்கும், கலைச்சுடறதுதான் நல்லது” என்று சொல்லியிருக்கிறார்கள்.

எந்த மாத்திரை என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். டெல்மிசார்ட்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. இரண்டும் ஒரே வில்லையில். 31 வயதில் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் 160/100 என்று பிரஷர் தெரியவந்ததிலிருந்து இதைத்தான் சாப்பிடுகிறார். அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் ஏ.எம். என்று போட்டிருக்கும். அது அம்லோடிபினின் சுருக்கம். டீச்சர் மூன்று வருடமாக அதைக் காலையில் சாப்பிட வேண்டும் என்பதற்கான குறிப்பு என்று நினைத்திருக்கிறார். “பி.எம். மாத்திரை ஏன் குடுக்கலைன்னு யோசிச்சிருக்கேன் டாக்டர்” என்றார். அதுவரை இறுகியிருந்த அறை அந்த ஒரு நிமிடம் தளர்ந்தது.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. தான் சாப்பிடுவது இரண்டு மருந்து என்பதே அவருக்குத் தெரியாது. அதில் ஒன்றைத்தான் கர்ப்பத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும், மற்றொன்றுக்கு அந்த அவசரம் இல்லை என்பதும் தெரியாது. மருந்து எழுதியபோது அவர் மணமாகி மூன்று வருடமான, குழந்தைக்குக் காத்திருந்த 31 வயதுப் பெண். “கரு நின்றால் முதல் நாளே சொல்லுங்கள், இதை மாற்ற வேண்டும்” என்ற ஒரு வரியை அன்றே சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

கலைக்கச் சொன்ன அன்றே பயந்துபோய் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். பதிலுக்கு எதுவும் எடுக்கவில்லை. என் மேசையில் முதலில் அளந்தபோது 158/102. அவருடைய மேல்கை சற்றுப் பருமன். டேப் வைத்துப் பார்த்தேன், சுற்றளவு 35 செ.மீ. வழக்கமான கைப்பட்டை இந்தக் கைக்குச் சிறியது. சிறிய பட்டையைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டையை மாற்றி, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து இரண்டு முறை எடுத்தோம்: 148/94, 146/94. அந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் முதல் நாளே தேவைக்கு மேல் மருந்து எழுதியிருப்பேன். கர்ப்பத்தில் பிரஷர் ஏறினாலும் கெடுதல், ரொம்ப இறங்கினாலும் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையலாம்.

குழந்தைக்கு ஏற்கெனவே என்ன ஆகியிருக்கும்?

அன்று அவர்கள் கேட்க வந்த கேள்வி இதுதான். பதில் சொல்ல, டெல்மிசார்ட்டன் ஏன் கெட்ட பெயர் வாங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிக்கும் நுண்ணிய முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிச்சுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் முனையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது அல்லவா, அதே வேலையைத்தான் ஆஞ்சியோடென்சின் என்ற இயக்குநீர் வெளியேறும் குழாயில் செய்கிறது. அந்த அழுத்தத்தில்தான் சிறுநீர் வடிகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்த அழுத்தம் மிகக் குறைவு. அதனால் இந்தக் கட்டைவிரல் இல்லாமல் அதன் சிறுநீரகத்தால் வேலை செய்யவே முடியாது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற சார்ட்டன் வகை மருந்துகளும், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரில் வகை மருந்துகளும் அந்தக் கட்டைவிரலை எடுத்துவிடுகின்றன. தாய்க்கு நல்லது செய்யும் அதே செயல், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ச் சிசுவின் சிறுநீரகத்தை முடக்குகிறது.

சிறுநீர் நின்றால் சிறுநீரகம் மட்டும் கெடுவதில்லை. ஏறக்குறைய 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீர்தான். அந்த நீரை உள்ளிழுத்து வெளிவிட்டுத்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. அந்த நீரில் அசைந்துதான் கைகால் மூட்டுகள் உருப்பெறுகின்றன. நீர் வற்றினால் நுரையீரல் சுருங்கிப்போகும், மூட்டுகள் மடங்கி இறுகிவிடும். மண்டையோட்டு எலும்பு சரியாக உருவாகாத குழந்தைகளும் உண்டு. பிறந்தபின் சிறுநீரே கழிக்காமல் இறந்தவையும் உண்டு. இந்த விவரங்கள் சேர்ந்ததால்தான் 1992-இல் அமெரிக்க மருந்து ஆணையம் பிரில் வகை மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை விதித்தது. அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது கர்ப்பத்தின் இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களை.

அதாவது இந்த மருந்தின் கெடுதலுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. 6 வாரம் 5 நாளில் சிசுவுக்குச் சிறுநீர் வடிக்கும் சிறுநீரகமே இல்லை. இல்லாத உறுப்பை முடக்க முடியாது.

அப்படியானால் அந்த வாரங்களில் உருவாகிக்கொண்டிருக்கும் இதயமும் முதுகுத்தண்டும்? நியாயமான கேள்விதான், அதற்கு ஒரு காலத்தில் பயமுறுத்தும் பதிலும் இருந்தது. 2006-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தரவை வைத்து வந்த ஆய்வில், முதல் மும்மாதத்தில் மட்டும் பிரில் வகை மருந்து பட்ட 209 குழந்தைகளில் 7.1 சதவீதத்தினருக்குப் பெரிய பிறவிக் குறை. எந்தப் பிரஷர் மருந்தும் படாதவர்களில் 2.6 சதவீதம். “கலைத்துவிடுங்கள்” என்ற அறிவுரை பலர் மனத்தில் தங்கியது இதற்குப் பிறகுதான் என்பது என் ஊகம்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. பிரஷர் மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கு மற்றவர்களைவிட உடல் எடையும் வயதும் கூடுதலாக இருக்கும், சர்க்கரையும் இருக்கலாம். கட்டுப்படாத சர்க்கரை ஒன்றே இதயக் குறைக்குப் போதுமான காரணம். பழியை மாத்திரை மேல் போடுவதா, சர்க்கரை மேல் போடுவதா? 2017-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 13 லட்சம் கர்ப்பங்களை எடுத்துக்கொண்டது. அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் முதல் மும்மாதத்தில் பிரில் வகை சாப்பிட்டவர்கள். மேலோட்டமாக எண்ணினால் அங்கும் குறை அதிகம்தான். சர்க்கரை, பிரஷர், பிற நோய்கள் எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்ததும் அந்த அதிகம் காணாமல் போய்விட்டது. சார்ட்டன் வகைக்கு இவ்வளவு பெரிய தரவு இல்லை. அதனால் “ஒன்றுமே ஆகாது” என்று டீச்சரிடம் சொல்லவில்லை. “இந்த மாத்திரைக்காகக் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தக் கர்ப்பத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது ஒரு குறை வரும், அந்த அளவு பயம் உங்களுக்கும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயம், சிறுநீரகம் இரண்டையும் கவனமாகப் பார்ப்போம்” என்றேன்.

டீச்சர் அழுதார். கணவர் அட்டையை வாங்கிக் குப்பைக்கூடையில் போடப் போனார். நான்தான் தடுத்தேன், அடுத்த கேள்வி பாக்கி இருந்ததால். அந்த அட்டை வீட்டுக்கே திரும்பிப் போனதற்கு நானும் ஒரு காரணம். அது பிறகு வருகிறது.

எதைக் கொடுப்பது?

மாமியார் அதுவரை பேசாமல் இருந்தார். “ஏனுங்க டாக்டரம்மா, நான் இருவது வருசமா ஒரே மாத்திரைதானுங்க சாப்படறேன், ஒண்ணும் பண்ணுனதில்ல. அதையே புள்ளைக்கும் குடுக்கலாமுங்களா?” என்று தன் அட்டையைக் காட்டினார். அட்டினலால் 50 மி.கி.

வயிற்றுப் பிள்ளையை ஊனமாக்கும் மருந்து அல்ல அது. ஆனால் வளர்ச்சியைக் குறைக்கிறது. 1990-இல் பிரிட்டனில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 30 பேர்கூட முடிவுவரை இல்லை. ஆரம்ப மாதங்களிலிருந்தே அட்டினலால் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் சராசரி 2,620 கிராம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகள் 3,530 கிராம். சிறிய ஆய்வுதான், ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோ வித்தியாசத்தைப் பார்த்தபின் யாருக்கும் அதைப் பெரிதாகத் திருப்பிச் செய்துபார்க்கத் துணிவு வரவில்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்கி எவ்வளவு காலம் சாப்பிடுகிறார்களோ அவ்வளவு எடை குறைவதாகவே பின்னால் வந்த தரவும் காட்டியது.

அட்டினலாலும் நான் எழுதப்போன லாபெட்டலாலும் பெயரிலேயே சொந்தக்காரர்கள். இரண்டும் பீட்டா தடுப்பான்கள். அட்டினலால் முக்கியமாக இதயத்தின் வேகத்தைக் குறைத்துப் பிரஷரை இறக்குகிறது, ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதில்லை. லாபெட்டலால் ஆல்ஃபா தடையும் சேர்ந்தது என்பதால் குழாய்களைத் தளர்த்தி இறக்குகிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை. மாமியாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “உங்க மாத்திரை உங்களுக்கு நல்லதுங்கம்மா. இவங்களுக்குக் கொடுத்தா குழந்தை எடை போடாது” என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது.

கர்ப்பத்தில் பிரஷருக்குக் கைகொடுக்கும் மருந்துகள் முக்கியமாக மூன்று: லாபெட்டலால், நிஃபெடிபின் (மெதுவாகக் கரையும் வகை), மெத்தில்டோப்பா. மூன்றில் மெத்தில்டோப்பாதான் மூத்தது. 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை ஏழரை வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சியில் கவலைப்பட எதுவும் தெரியவில்லை. இவ்வளவு நீண்ட சாட்சி மற்ற இரண்டுக்கும் கிடையாது. ஆனால் அது தூக்கம் வரவைக்கும், மனத்தைச் சோர்வாக்கும். ஏழாவது வாரத்துக் குமட்டலோடு முப்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் நிற்க வேண்டியவருக்கு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நிஃபெடிபின் நல்ல மருந்து. தலைவலியும் கால் வீக்கமும் வரும், அவ்வளவுதான். டீச்சருக்கு ஏற்கெனவே அம்லோடிபினில் மாலையானால் செருப்பு இறுகும் அளவுக்குக் கால் வீங்கியது. நிஃபெடிபினும் அதே வகை.

லாபெட்டலாலுக்கு ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும்: இழுப்பு உண்டா? ஆஸ்துமா இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சின்ன வயதில் இருந்து போய்விட்டது என்று சொன்னாலும் நான் நிஃபெடிபினுக்குப் போய்விடுவேன். டீச்சருக்கு இழுப்பு இல்லை.

பழைய அட்டையிலிருந்து டெல்மிசார்ட்டனை மட்டும் விலக்கி அம்லோடிபினைத் தனியாகத் தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கும் மருத்துவ நண்பர்கள் உண்டு. தொடரலாம், தவறில்லை. கர்ப்பத்தில் அம்லோடிபின் பற்றிய தரவு குறைவு, இருப்பது ஆறுதலாகவே இருக்கிறது. கால் வீக்கம் இல்லாதிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மருந்தே இல்லாமல் விட்டால் என்ன என்பதற்கும் பதில் தேட வேண்டும். சில வருடங்கள் முன்புவரை 148/94-க்குக் கர்ப்பத்தில் மருந்தே வேண்டாம், 160-ஐத் தொட்டால் பார்க்கலாம் என்றுதான் பலரும் இருந்தோம். பிரஷரை இறக்கினால் குழந்தை சிறுத்துவிடும் என்ற பயம். அதற்கு அட்டினலால் அனுபவமும் ஒரு காரணம். 2022-இல் அமெரிக்காவில் 2,408 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு அதை மாற்றியது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, அல்லது முதல் பாதியிலேயே லேசான பிரஷர் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு 140/90-க்குக் கீழே வைக்க மருந்து, மறு பாதிக்கு 160/105 வரை காத்திருப்பு. பெரும்பாலும் கொடுத்தவை லாபெட்டலாலும் நிஃபெடிபினும். பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதமும் இறங்கும் பிரசவ கால நச்சு கடுமையாவது, 35 வாரத்துக்கு முன் மருத்துவர்களே பிரசவிக்கவைக்க வேண்டிய நிலை, நஞ்சுக்கொடி பிரிதல், சிசு இறப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடந்தது மருந்து எடுத்தவர்களில் 30.2 சதவீதம், காத்திருந்தவர்களில் 37 சதவீதம். குழந்தை சிறுத்துப்போவது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, 146/94-க்கு மருந்து வேண்டும்.

அன்றே லாபெட்டலால் 100 மி.கி. காலையும் இரவும், சாப்பாட்டோடு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 0.6, பொட்டாசியம் 4.1, சிறுநீரில் புரதம் இல்லை. 31 வயதிலேயே பிரஷர் வந்தவர் என்பதால் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேனும் பார்த்தோம், சரியாக இருந்தது. இந்த ஆரம்ப அளவுகள் எழுதி வைக்கப்படாவிட்டால் 30-ஆவது வாரத்தில் புரதம் தெரியும்போது அது பழையதா புதியதா என்று தெரியாமல் விழிப்போம்.

வாரங்கள்

எட்டாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். தலையில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, பேன் இருக்குமோ என்று மாமியார் ஈர்கொல்லி எடுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றார். லாபெட்டலால் தொடங்கிய சிலருக்கு உச்சந்தலையில் இப்படிக் குறுகுறுக்கும். சில நாளில் போய்விடும், போனது. வாந்தியில் மாத்திரை வெளியே வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார். முழு மாத்திரை வந்தது கண்ணால் தெரிந்தால் மட்டும் இன்னொன்று போடலாம், சந்தேகமாக இருந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள் என்றேன். வீட்டு மெஷினில் எடுத்த கணக்கு 140-க்கும் 144-க்கும் நடுவே இருந்ததால் 200 மி.கி.யாக இருவேளை உயர்த்தினோம். பத்தாவது வாரத்தில் 130/84.

12-ஆவது வாரத்தில் ஆஸ்பிரின் 150 மி.கி. இரவில் சேர்ந்தது. பிரஷரை இறக்க அல்ல. முன்பே பிரஷர் உள்ளவர்களுக்குப் பின்னால் வரக்கூடிய பிரசவ கால நச்சைத் தடுக்க. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கிறது. “தலைவலி மாத்திரை எதுக்கு?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டாராம். கேட்கட்டும்.

17-ஆவது வாரத்தில் டீச்சர் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 104/64. இதுவும் எதிர்பார்த்ததே. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் உடம்பு முழுதும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. நடு மாதங்களில் பெரும்பாலான பெண்களுக்குப் பிரஷர் இறங்கி, பிறகு மெல்ல ஏறும். லாபெட்டலாலைப் பாதியாகக் குறைத்தோம். இந்த இறக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரஷர் இருப்பதே தெரியாத ஒரு பெண் முதன்முதலாக 18-ஆவது வாரத்தில் அளந்தால் 120/76 வரும், நார்மல் என்று எழுதிவிடுவார்கள். 32-இல் ஏறும்போது புதிதாக வந்த நோய் என்று நினைப்பார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவது சரியான பட்டையில் அளந்த எண் கையேட்டில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

20-ஆவது வார ஸ்கேனில் இதய அறைகள் நான்கும் சரி, இரு சிறுநீரகமும் சரி. ஸ்கேன் பார்த்த மருத்துவர் சிசுவின் சிறுநீர்ப்பை நிறைந்து காலியாவதைத் திரையில் காட்டியிருக்கிறார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்த வீடு மூன்று மாதம் காத்திருந்தது.

25-ஆவது வாரம்

நிகழ்வு இங்கே முடிந்திருக்க வேண்டியது. அப்புறம் ஒரு மழை வாரத்தில் லாபெட்டலால் தீர்ந்துபோனது. ஊரில் இருந்த இரண்டு மருந்துக்கடையிலும் இல்லை, வெளியே போய் வாங்க ஆள் இல்லை. அலமாரியில் பழைய அட்டை இருந்தது. முதல் நாள் நான் குப்பையில் போடவிடாமல் தடுத்த அதே அட்டை. “கலைக்க வேண்டாம், இதனால் பெரிய ஆபத்து இல்லை” என்று நான் சொன்னது அவர்கள் மனத்தில் “இது ஆபத்தில்லாத மாத்திரை” என்று பதிந்திருந்தது. ஆறு நாள் சாப்பிட்டிருக்கிறார்.

நான் சொன்னது ஏழாவது வாரத்துக்கு உண்மை, இருபத்தைந்தாவது வாரத்துக்குப் பொய். அந்த வித்தியாசத்தை நான் அவர்களுக்குப் புரியவைக்கவில்லை. தவறு என்னுடையது.

தெரிய வந்ததும் தற்செயல்தான். வீட்டில் எழுதும் நோட்டில் திடீரென்று பிரஷர் மிக அழகாக 116/74 என்று வரிசையாக இருந்தது. லாபெட்டலால் குறைந்த அளவில் இருந்தபோது, அதுவும் ஏறத் தொடங்கும் வாரத்தில், இப்படி இறங்கக்கூடாது. கேட்டதும் சொல்லிவிட்டார். அன்றே நிறுத்தி, என்னிடம் இருந்த நிஃபெடிபின் 20 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரையை லாபெட்டலால் கிடைக்கும்வரை இருவேளை கொடுத்து, பனிக்குட நீரை அளக்க அனுப்பினேன். வயிற்றை நான்காகப் பிரித்து அளக்கும் முறையில் 8 செ.மீ. ஐந்துக்குக் கீழே போனால்தான் குறைவு என்பார்கள், ஆனால் 20-ஆவது வாரத்தில் இவருக்கு இருந்தது 14. இரண்டு வாரம் கழித்து 13. இறங்கியது மாத்திரையாலா, அளக்கும் கைக்குக் கை மாறும் வித்தியாசமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சீக்கிரம் நிறுத்தினால் நீர் மறுபடி ஊறும் என்பது மற்ற இடங்களில் பலமுறை பதிவானது. நிறுத்தாமல் வாரக்கணக்கில் போனவற்றில்தான் நீர் ஊறினாலும் சிறுநீரகம் திரும்பாமல் போகலாம்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். மருந்து மாற்றும்போது பழைய அட்டையை வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே வில்லைகளைப் பிதுக்கி எடுத்துவிடுகிறேன். மாற்று மருந்து கிடைக்காவிட்டால் எது இரண்டாவது என்று அதே சீட்டில் எழுதிவிடுகிறேன்.

பிறகு

30-ஆவது வாரத்திலிருந்து பிரஷர் ஏறியது. லாபெட்டலால் 200 மி.கி. மூன்று வேளை வரை போனது. புரதம் வரவில்லை. 38-ஆவது வாரத்தில் மகப்பேறு மருத்துவர் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை, 2.7 கிலோ. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் கழித்தது. அதைச் செவிலியர் கையேட்டில் நேரத்தோடு எழுதியிருந்தார். மூன்றாம் நாள் குழந்தையின் கிரியாட்டினினும் சரியாக இருந்தது.

பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை தாயின் பிரஷர் மறுபடி ஏறும். பலர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவதால் கவனிக்கத் தவறுகிறது. டீச்சருக்கு நான்காம் நாள் 154/98. எனலாப்ரில் 5 மி.கி. எழுதினேன்.

மாமியார் சீட்டை வாங்கிப் பார்த்தார். இந்த ஏழு மாதத்தில் அவர் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார். “பிரில்னு முடியுதுங்க. இது அந்த ஆகாத வகைதானுங்களே?”

அதே வகைதான். வயிற்றில் இருந்தபோது நஞ்சுக்கொடி வழியாக மருந்து நேரே குழந்தையின் ரத்தத்துக்குப் போனது. இப்போது பாலில் போவது மிகமிகக் கொஞ்சம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு எனலாப்ரில் முதலில் எழுதும் மருந்துகளில் ஒன்று. சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அப்படீன்னா அடுத்ததுக்கு உண்டான உடனே இதையும் நிறுத்தோணும்” என்றார்.

டீச்சர் குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டபடி, “அடுத்ததா!” என்றார்.